நான்கு தளங்களில் ஒரே ஜாக்பாட்: தொகை எங்கிருந்து வருகிறது, யார் தருகிறார்கள்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். பசுந்தேயிலை வண்டி ஓட்டும் என் தம்பி, போனில், பந்தயம் கட்டிப் படங்களைச் சுழலவிடும் ஸ்லாட் விளையாட்டில் பணம் விடுகிறான். மூன்று தளங்களில் அதே விளையாட்டு, அதே ஜாக்பாட் தொகை, கிட்டத்தட்ட 12 கோடி ஓடுகிறது. டெலிகிராமில் வந்த நான்காவது தளத்தில் மட்டும் 31 கோடி. “இவ்வளவு ஏறிவிட்டது, இனி விழுந்தே ஆகணும்” என்கிறான். அந்த நான்காவது தளத்தில் அவனுக்கு ஒரு பரிசு விழுந்திருக்கிறதாம், 30 சதவீத வரியை முதலில் கட்டச் சொல்கிறார்கள். இந்தப் பணம் உண்மையில் எங்கே இருக்கிறது? கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாமென்று இன்றைக்கே தம்பியிடம் சொல்லுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த மூன்று தளங்களிலும் ஏன் ஒரே தொகை தெரிகிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் நான்காவது தளத்தின் குட்டு தானே வெளிப்படும்.

இந்த வகை ஸ்லாட்டை அந்தத் தளங்கள் உருவாக்குவதில்லை. விளையாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கித் தன் சர்வரில் நடத்துகிறது. தளங்கள் அதற்கு வாசல்கள்தான். உங்கள் ஊர்களில் பல இடங்களில் எடை போட்டு வாங்கும் இலை ஒரே ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்கிறதல்லவா, அதுபோல எந்தத் தளத்தில் பந்தயம் கட்டினாலும் அதில் ஒரு சிறு பங்கு ஒரே ஜாக்பாட் கணக்கில் சேர்கிறது. அந்தக் கணக்கின் எண்தான் எல்லாத் தளங்களிலும் ஓடுகிறது. பெரும்பாலும் அது யூரோவிலோ டாலரிலோ இருக்கும். ரூபாயாக மாற்றிக் காட்டும்போது தளத்துக்குத் தளம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், பாதிக்குப் பாதி வித்தியாசம் வராது.

இனி, தொகை எப்படி ஏறுகிறது? கணக்கு எளிதாக இருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 100 ரூபாய் பந்தயம். அதில் சராசரியாக 88 ரூபாய் சின்னச் சின்ன வெற்றிகளாக விளையாடுபவர்களுக்கே திரும்புகிறது. 1 ரூபாய், கண்ணில் தெரியும் ஜாக்பாட்டில் சேர்கிறது. 5 ரூபாய் கண்ணில் படாத இருப்பில் போகிறது. மீதி 6 ரூபாய் தளத்துக்கும் விளையாட்டு நிறுவனத்துக்கும்.

அந்த இருப்பு எதற்கு? ஜாக்பாட் விழுந்த மறுநொடியே தொகை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. உலகம் முழுக்கத் தெரிந்த மெகா மூலா என்ற ஸ்லாட்டிலும் பெரிய பரிசு ஒரு பெரிய தொடக்கத் தொகையிலிருந்துதான் தொடங்கும். அந்தத் தொடக்கத் தொகையைக் கம்பெனி இனாமாகத் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதையும் விளையாடுபவர்களின் பந்தயத்திலிருந்துதான் எடுத்து வைக்கிறார்கள்.

நம் உதாரணத்தில் தொடக்கத் தொகை 10 கோடி என்று கொள்ளுங்கள். அது 12 கோடி ஆக 2 கோடி சேர வேண்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் 2 கோடி சேர, எல்லாத் தளங்களிலும் சேர்த்து 200 கோடி ரூபாய்க்குப் பந்தயம் நடந்திருக்க வேண்டும். அதில் 176 கோடி சின்ன வெற்றிகளாகத் திரும்பியது. மீதி 24 கோடி திரும்பவில்லை. அதில் 12 கோடி யாரோ ஒருவருக்குப் போகும், 12 கோடி நடத்துபவர்களுக்கு. திரையில் தம்பி பார்க்கும் 12 கோடி அவனைப் போன்றவர்கள் ஏற்கெனவே விட்ட பணம். அதே அளவு இன்னொரு 12 கோடியும் போயிருக்கிறது, அதை எந்தத் திரையும் காட்டுவதில்லை.

“இனி விழுந்தே ஆகணும்” என்பதற்கு வருவோம். இந்த மாதிரி ஸ்லாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் வாய்ப்பு புதிதாகக் குலுக்கப்படுகிறது. நம் உதாரணத்தில் அது 2 கோடியில் ஒன்று. நேற்று வரை எத்தனை பேர் தோற்றார்கள் என்பது இன்றைய குலுக்கலுக்குத் தெரியாது. சராசரியாக 2 கோடிச் சுற்றுக்கு ஒருமுறை விழும் என்பது உண்மைதான். ஆனால் 2 கோடிச் சுற்று முழுதாக முடிந்தும் விழாமல் இருக்க நூற்றுக்கு 37 தடவை இடமிருக்கிறது. அப்புறமும் வாய்ப்பு அதே 2 கோடியில் ஒன்றுதான். தம்பி ஆயிரம் சுற்று ஆடினால் பெரிய பரிசு விழ இருபதாயிரத்தில் ஒரு வாய்ப்பு. அது விழாவிட்டால் சராசரியாக 12,000 ரூபாய் கையைவிட்டுப் போகும்.

இன்ன தொகைக்குள் அல்லது இன்ன நேரத்துக்குள் கட்டாயம் விழும் என்று எழுதியே வைத்திருக்கும் தனி வகை ஜாக்பாட்டும் உண்டு. அதில் எல்லையை நெருங்க நெருங்க வாய்ப்பு கூடும் என்பது சரி. ஆனால் அந்த எல்லை விளையாட்டின் விதிப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அந்த வகை இல்லை.

பரிசு நிஜமாக விழுந்தால் என்ன நடக்கும்? சர்வர் அந்தச் சுற்றைப் பதிந்து பூட்டுகிறது. உடனே எல்லாத் தளங்களிலும் எண் தொடக்கத் தொகைக்கு இறங்குகிறது. விளையாட்டு நிறுவனம் பதிவைச் சரிபார்க்கிறது, தளம் ஆளின் அடையாளத்தையும் வயதையும் பார்க்கிறது. பிறகு நிறுவனம் சேர்ந்திருக்கும் தொகையைத் தளத்துக்கு அனுப்ப, தளம் வென்றவருக்குத் தருகிறது. 2015-ல் பிரிட்டனில் ஒரு ராணுவ வீரர் 25 பென்ஸ் பந்தயத்தில் மெகா மூலாவில் 1 கோடியே 32 லட்சம் பவுண்டு வென்றார். இணைய ஸ்லாட்டில் இப்படி மொத்தமாகத் தருவதே வழக்கம். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் உட்பட நெவாடா மாநில இயந்திரங்களை இணைத்து நடக்கும் மெகாபக்ஸில் 2003-ல் ஒருவர் சுமார் 3.97 கோடி டாலர் வென்றார். அங்கே பெரிய பரிசை ஆண்டுத் தவணையாகத் தரும் முறை இருக்கிறது.

இதெல்லாம் உரிமமும் கண்காணிப்பும் உள்ள நாடுகளின் கதை. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துவதையும் அதற்கான வங்கிப் பரிமாற்றத்தையும் தடுக்கிறது. ஆகவே அந்த முதல் மூன்று தளங்களில் நிஜமாகவே ஜெயித்து, அவர்கள் தர மறுத்தாலும், தம்பி போய் நிற்க இங்கே ஒரு வாசல் கிடையாது.

இப்போது நான்காவது தளம். ஒரே பெயர், ஒரே படம், ஆனால் மற்ற இடங்களில் 12 கோடி, இங்கே 31 கோடி. அது அந்தச் சர்வரோடு இணையவே இல்லை. விளையாட்டைப் போலவே ஒரு நகல் செய்து, எண்ணை இஷ்டத்துக்கு ஓட விட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் வரியும் பொய். நம் வருமான வரி முறையில் இணைய விளையாட்டு வெற்றிக்கு 30 சதவீதம் உண்டு என்பது உண்மை. அதனால்தான் அந்தக் கதையை நம்பத் தோன்றுகிறது. ஆனால் அதைப் பணம் தருபவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். வென்றவர் முன்கூட்டி யாருடைய யுபிஐ எண்ணுக்கும் அனுப்புவதில்லை. அனுப்பினால் அடுத்து ‘ஜிஎஸ்டி’ என்பார்கள், பிறகு ‘கணக்கைத் திறக்கும் கட்டணம்’ என்பார்கள்.

தம்பி ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். சீக்கிரம் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க வழி இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு அந்தச் செயலியையும் டெலிகிராம் உரையாடலையும் முதலிலேயே அழித்துவிட வேண்டாம். யுபிஐ பரிமாற்ற எண், அனுப்பிய நேரம், வரி கேட்ட செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அழிக்கட்டும்.