எண்ணெய் நின்றால் மூவிணையமா?

கேள்வி: அனிலீன், N-மெத்தில் அனிலீன், N,N-டைமெத்தில் அனிலீன் மூன்றும் கலந்துவிட்டன. காய்ச்சி வடித்தே பிரித்துவிடலாமா?

பதில்: அவற்றின் கொதிநிலைகள் ஏறத்தாழ 184, 196, 194 டிகிரி என்று நெருங்கி நிற்பதால், சாதாரண வாலையில் அது நடக்காது. 1890-இல் வேதியியலாளர் ஹின்ஸ்பெர்க் காட்டிய வழியே உகந்தது. கலவையைப் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் சேர்த்து, பென்சீன் சல்ஃபோனைல் குளோரைடைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்குங்கள். அதன் நெடி அடங்கிய பின் நீராவியால் வடித்தால், மூவிணைய அமீனானதால் வினைபுரியாத டைமெத்தில் அனிலீன் நீராவியோடு வெளியேறும். மீதியைக் குளிர்வித்து வடிகட்டினால், ஈரிணைய அமீனான N-மெத்தில் அனிலீனின் சல்ஃபோனமைடு தாளில் திண்மமாகத் தங்கும். அதன் நைட்ரஜனில் காரத்துக்கு விட்டுக்கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. ஓரிணைய அமீனான அனிலீனின் சல்ஃபோனமைடில் ஒரு ஹைட்ரஜன் எஞ்சியிருப்பதால், அது உப்பாகி வடிநீரில் கரைந்திருக்கும். அமிலம் சேர்த்தால் வீழ்படியும். இரண்டையும் தனித்தனியே அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் பல மணி நேரம் மீள்கொதிக்க வைத்து, பிறகு காரம் சேர்த்தால் அமீன்கள் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: ஹின்ஸ்பெர்க் சோதனையில் குழாயில் எண்ணெய் எஞ்சியது, மூவிணைய அமீன் என்று எழுதினேன். விடை தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: எவ்வளவு அமீன், எவ்வளவு சல்ஃபோனைல் குளோரைடு, எத்தனை நிமிடம் குலுக்கினீர்கள் என எதையும் எழுதாமல் "ஏன்" என்று மட்டும் கேட்கிறீர்கள். எண்ணெயைக் கண்டதும் மூவிணையம் என்று முடிவுகட்டும் பழக்கத்தை நான் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே இருக்கிறேன். அந்த எண்ணெய், வினைபுரியாமல் மிஞ்சிய சல்ஃபோனைல் குளோரைடாகவே இருக்கலாம். அது நீரைவிடக் கனமானது என்பதால் குழாயின் அடியில் அமரும். டைமெத்தில் அனிலீனோ மேலே மிதக்கும். இருந்தாலும் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெயைப் பிரித்தெடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள்; கரைந்தால்தான் அது அமீன். கரையாவிட்டால் அது மிஞ்சிய சல்ஃபோனைல் குளோரைடாகவோ, திண்மமாக உறையாத ஈரிணைய சல்ஃபோனமைடாகவோ இருக்கும். அரை மில்லிலிட்டருக்கும் குறைவான அமீனுக்கு ஐந்து மில்லிலிட்டர் காரம் எடுத்து, மூடிய குழாயை ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, கடைசியில் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் இளஞ்சூட்டில் வையுங்கள். அதற்குமேல் சூடேற்றினால் டைமெத்தில் அனிலீனும் பக்கவினையில் இறங்கி, ஊதா நிறச் சாயம் தோன்றிக் குழப்பும். குலுக்கி முடித்ததும் லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள்; கரைசல் இன்னும் காரமாக இல்லையென்றால் சோதனையே செல்லாது.

கேள்வி: ஓரிணைய அமீன்தான் எடுத்தேன், ஆனால் காரத்தில் கரையாத திண்மம் வருகிறது.

பதில்: சல்ஃபோனைல் குளோரைடை அள்ளி ஊற்றியிருப்பீர்கள், ஒரே நைட்ரஜனில் இரண்டு சல்ஃபோனைல் தொகுதிகள் ஏறிவிட்டால் கரைய வழியில்லை. சைக்ளோஹெக்சில் அமீன் போன்றவற்றின் சோடியம் உப்பு கரைய மறுப்பதும் உண்டு. அதனால்தான் நான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சொல்கிறேன்.

கேள்வி: வடிநீரில் அமிலம் விட்டும் வீழ்படிவு வரவில்லை.

பதில்: லிட்மஸ் சிவந்ததா என்று முதலில் பாருங்கள். சிவந்திருந்தால், பனிக்கட்டியில் வைத்துக் கண்ணாடித் தண்டால் குழாயின் உட்சுவரை உரசுங்கள்.