மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் உயரம் வேகமாகக் குறைவது ஏன்?

"அப்பாவைவிட அம்மாவுக்கு உயரம் சீக்கிரம் குறையுதே, மாதவிடாய் நின்றதுதான் காரணமா?"

பெரும்பாலும் ஆமாம். எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு, மறுபடி கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிடாய் நின்று அது சரிந்ததும் அரிப்பு முந்திவிடுகிறது. முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகம். ஆண்களுக்கு இப்படித் திடீர்ச் சரிவு வழக்கமாக இல்லை.

முதலில் அடிவாங்குவது முதுகெலும்பு. முள்ளெலும்பின் உள்ளே தேன்கூடு போலிருக்கும் பகுதியில் இணைப்புகள் அறுந்துபோனால், குனிந்து குடத்தைத் தூக்கும் பாரத்துக்கே முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். பலருக்கு வலியே தெரியாது. தெரிந்தாலும் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று எலும்புகள் நசுங்கினால் சில செ.மீ. உயரம் போய், மேல்முதுகு கூனும். (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் மெலிவது இருபாலருக்கும் பொது.)

இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை மட்டும் செய்தால் நசுங்கல் தெரியாமல் போகலாம்.