பில்லில் கியூஆர்: காகிதத்துக்கு ஒரு வழி, வாட்ஸ்அப்புக்கு வேறு வழி

"பாண்டிச்சேரியில் கடைகளுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் சின்னச் சின்ன டிசைன் வேலை செய்து தருகிறேன். பில்லை பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அதில் கியூஆர் கோடோ பேமெண்ட் லிங்க்கோ போட்டால் பணம் சீக்கிரம் வருமா? எப்படிப் போடுவது?"

சில பேரிடம் வரும். கடலூரிலும் பாண்டியிலும் கடைகளுக்கு சிசிடிவி, கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்கிறேன்; என் பில்கள் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான். முதலாளியே போனைக் கையில் வைத்துக்கொண்டு பணம் அனுப்பும் இடங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. அங்கே பில் தேங்குவதற்குக் காரணம் பல நேரம் பணம் இல்லாதது அல்ல. "எவ்வளவுன்னு சொன்னீங்க?", "எந்த நம்பருக்குப் போடணும்?" என்ற இரண்டு கேள்விதான். அதைக் கேட்க வேண்டும் என்று நினைப்பார்கள், அதற்குள் கடையில் ஆள் வந்துவிடும், அப்புறம் ஒரு வாரம் போய்விடும். தொகையும் ஐடியும் தானாகவே நிரம்பிவிட்டால் அந்த ஒரு வாரம் மிச்சம். அக்கவுண்டன்ட் வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து எல்லா பில்லையும் ஒன்றாகத் தீர்க்கும் இடத்தில் கியூஆர் எதையும் மாற்றாது. அவருக்கு வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் பில்லில் தெளிவாக இருந்தால் போதும்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னீர்களே, சிக்கலே அங்கேதான். லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு பேக்கரிக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி பிடிஎஃப்பைத் திறக்கிறார். கீழே அழகாக கியூஆர் இருக்கிறது. ஸ்கேன் செய்ய வேண்டிய போனும் அதே போன்தான்! ஒன்று, பையனின் போனைக் கேட்க வேண்டும். அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜிபேயிலோ போன்பேயிலோ கேலரியில் இருந்து அந்தப் படத்தைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கேலரியில் இருந்து கொடுக்கும் கியூஆருக்கு யுபிஐயில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: தொகை 2,000 ரூபாயைத் தாண்டினால் ஆப் பெரும்பாலும் தடுத்துவிடும். மோசடிக்காரர்கள் கியூஆர் படத்தை அனுப்பிப் பணம் பறிப்பதால் வந்த கட்டுப்பாடு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் பேக்கரிக்காரருக்குத் தெரிவது "லிமிட் தாண்டிடுச்சு" என்பது மட்டும்தான். "சரி தம்பி, சாயங்காலம் பார்க்கிறேன்" என்று போனை வைத்துவிடுவார்.

அதனால் என் கணக்கு இப்படி. அச்சடித்துக் கையில் கொடுக்கும் பில்லுக்கும், கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பவருக்கும் கியூஆர். வாட்ஸ்அப்பில் பார்ப்பவருக்குத் தட்டினால் திறக்கும் லிங்க், அல்லது காப்பி செய்ய எளிதான யுபிஐ ஐடி. ஒரே பில்லில் இரண்டையும் வைக்கலாம்.

முதலில் கியூஆர். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையே படம் பிடித்துப் பில்லில் ஒட்டாதீர்கள். அதில் தொகையும் இருக்காது, பில் நம்பரும் இருக்காது. ஒவ்வொரு பில்லுக்கும் தனி கியூஆர் போடுவது நினைப்பதைவிட எளிது, ஏனென்றால் யுபிஐ கியூஆருக்குள் இருப்பது ஒரு வரி எழுத்துதான். பாண்டியில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு நான் போடும் பராமரிப்பு பில்லை எடுத்துக்கொள்வோம். வேலைக்கூலி 6,500. நான் ஜிஎஸ்டி பதிவு செய்தவன். கடலூரில் இருந்து பாண்டிக்கு என்பதால் வேறு மாநிலக் கணக்கில் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 1,170. மொத்தம் 7,670. கியூஆருக்குள் போகும் வரி:

```
upi://pay?pa=ungalid@bank&pn=Ungal%20Kadai&am=7670.00&cu=INR&tn=Bill%20112
```

`pa` என்பது உங்கள் யுபிஐ ஐடி, `pn` பெயர், `am` தொகை, `tn` குறிப்பு. தொகையில் கமா வரக்கூடாது. `7,670` என்று இருந்தால் ஆப் முரண்டு பிடிக்கும். இடைவெளி வரும் இடத்தில் `%20`. கூகுள் ஷீட்டில் பில் போடுபவராக இருந்தால் கையால் எதுவும் எழுத வேண்டாம். பில் நம்பர் B2-விலும் மொத்தத் தொகை F20-யிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், B30-யில் முதல் வரி, கியூஆர் வர வேண்டிய செல்லில் இரண்டாவது வரி:

```
="upi://pay?pa=ungalid@bank&pn=Ungal%20Kadai&am="&TEXT(F20,"0.00")&"&cu=INR&tn="&ENCODEURL("Bill "&B2)

=IMAGE("https://quickchart.io/qr?size=300&text="&ENCODEURL(B30))
```

இரண்டாவது வரியில் `ENCODEURL` விட்டுப்போனால் கியூஆர் வந்துவிடும், ஸ்கேனும் ஆகும், ஆனால் முதல் `&` குறிக்குப் பிறகு உள்ளதெல்லாம் காணாமல் போயிருக்கும். ஸ்கேன் செய்தால் உங்கள் ஐடி வருகிறது, தொகை இடம் காலியாக இருக்கிறது என்றால் காரணம் இதுதான். படத்தை உருவாக்குவது வெளித் தளம் என்பதால் உங்கள் ஐடியும் தொகையும் அங்கே போகும். அது பிடிக்காதவர்கள் லினக்ஸில் `qrencode` வைத்துக்கொள்ளலாம், எல்லாம் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துவிடும்.

வங்கியோ பேமெண்ட் ஆப்போ கடைக்கென்று கொடுத்த கியூஆர் வைத்திருந்தால், சாதாரண ஸ்கேனரில் காட்டி உள்ளே இருக்கும் வரியைப் பாருங்கள். `sign=` என்று ஒரு பகுதி இருந்தால் அது கையெழுத்துப் போட்ட கியூஆர். அதில் தொகையைச் சேர்த்தால் கையெழுத்து பொருந்தாமல் போய்விடும். அப்படி இருந்தால் அந்த நிறுவனத்தின் ஆப்பிலேயே தொகையோடு கியூஆர் உருவாக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அச்சில் கியூஆர் ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டராவது இருக்கட்டும், சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். நீங்கள் டிசைனர் வேறு, நடுவில் லோகோ வைக்கவும் கடலின் நீலத்தில் அச்சடிக்கவும் கை பரபரக்கும். வேண்டாம், கறுப்பு வெள்ளையே இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் இன்னொருவர் போனில், வேறு ஆப்பில் ஸ்கேன் செய்து தொகை வருகிறதா என்று பாருங்கள்.

`am` கொடுத்துவிட்டால் பல ஆப்களில் தொகையை மாற்ற விடாது. "இப்போ பாதி, மிச்சம் அடுத்த வாரம்" என்று சொல்லும் கிளையண்டுக்கு இது முட்டுக்கட்டையாகிவிடும், அவர் பாதியும் தராமல் விட்டுவிடுவார். அவருக்கு முன்பணத்துக்கு ஒன்று, பாக்கிக்கு ஒன்று என்று தனித்தனி கியூஆர் கொடுங்கள். டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தருபவராக இருந்தால் `am` பகுதியையே விட்டுவிடுங்கள், அவர் தொகையை அவரே போட்டுக்கொள்வார்.

இனி லிங்க். மேலே உள்ள `upi://` வரியை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டால் பெரும்பாலும் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். `https` என்று தொடங்கும் இணைய முகவரியாக இருந்தால் வாட்ஸ்அப் அதை லிங்க்காக எடுத்துக்கொள்ளும். சிலர் சொந்தமாக ஒரு பக்கம் போட்டு, அதில் ஒரு பட்டனில் இந்த வரியை வைப்பார்கள். பட்டன் ஆப்பைத் திறக்கும். ஆனால் அந்த ஐடி தனிநபர் கணக்கினுடையதாக இருந்தால் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பல ஆப்கள் பணத்தைப் போக விடாது. வியாபாரக் கணக்காக இருந்தால் வாய்ப்பு அதிகம். நம்பகமான வழி என்றால் பேமெண்ட் கேட்வே கொடுக்கும் லிங்க்தான். பான், வங்கி விவரம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், பணம் ஓரிரு வேலை நாள் கழித்துக் கணக்குக்கு வரும், கட்டணமும் உண்டு. கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் அந்த 7,670-க்கு 153.40, அதன் மேல் ஜிஎஸ்டி 27.61. கையில் வருவது 7,488.99. யுபிஐக்கும் கார்டுக்கும் கட்டணம் வெவ்வேறாக இருக்கலாம், பதிவு செய்யும் முன் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு கார்டில் கட்ட விரும்பும் கெஸ்ட் ஹவுஸ் உரிமையாளருக்கு மட்டும் நான் இந்த லிங்க்கை அனுப்புவேன். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கு 181 ரூபாய் இழக்க மனசு வராது.

மளிகைக் கடைக்கு இரண்டு மெசேஜ் போதும். முதலில் பிடிஎஃப், அதோடு "அண்ணே, பில் 112, ரூ. 7,670" என்று ஒரு வரி. அடுத்த மெசேஜில் யுபிஐ ஐடி மட்டும், முன்னும் பின்னும் ஒரு சொல்லும் இல்லாமல். அப்போதுதான் அழுத்திப் பிடித்துக் காப்பி செய்தால் ஐடி மட்டும் வரும். பார்க்க ஒன்றுமில்லாத வேலை, ஆனால் என் அனுபவத்தில் பிடிஎஃப்புக்குள் இருக்கும் கியூஆரைவிட இதுதான் அதிகம் பலித்தது. தனிநபர்களுக்கு இடையே கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்பும் பழைய வழியை நினைக்காதீர்கள், அதை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள்.

பெயர் விஷயத்தையும் கவனியுங்கள். `pn`-இல் கடைப் பெயரை என்னதான் எழுதினாலும், பணம் போகும் முன் திரையில் வருவது வங்கியில் பதிவான பெயர்தான். கடைப் பெயரில் பில் வாங்கியவர் வேறு யாரோ ஒருவர் பெயரைப் பார்த்ததும் தயங்குவார், இந்தக் காலத்தில் தயங்குவதுதான் சரியும்கூட. கியூஆருக்குக் கீழே "திரையில் இந்தப் பெயர் வரும்" என்று வங்கிக் கணக்கில் இருக்கும் எழுத்துகளிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பணம் வந்ததும் எந்த பில்லுக்கு வந்தது என்று பார்க்க `tn` குறிப்பை மட்டும் நம்ப முடியாது. சில வங்கி ஸ்டேட்மெண்டில் அது வரும், சிலவற்றில் வெட்டுப்பட்டு வரும். தொகை, தேதி, 12 இலக்க யுடிஆர் எண் மூன்றையும் பில் வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அந்த யுடிஆர் உங்கள் ஸ்டேட்மெண்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே "பணம் கிடைத்தது" என்று பதில் போடுங்கள்.