வங்கியில் போட்ட 8.4 லட்சத்தை வருமானமாகச் சேர்த்த உத்தரவு: மேல்முறையீடு செய்வது எப்படி?

கேள்வி: 2022 மே மாதம் சேமிப்புக் கணக்கில் 8,40,000 ரூபாய் ரொக்கம் போட்டேன். 5,40,000 மஞ்சள் விற்றது, மீதி 3 லட்சம் நான் முன்பே வங்கியிலிருந்து எடுத்து வைத்திருந்தது. அதைக் கேட்டு வருமான வரித் துறை அனுப்பிய நோட்டீசுக்கு 5 நாள்தான் அவகாசம் தந்தார்கள். வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் ஏற்றினேன். மார்ச் 14 அன்று வந்த உத்தரவில் முழுத்தொகையையும் வருமானமாகச் சேர்த்திருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மேல்முறையீட்டுக்கு அவகாசம், வரியைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளை விட்டு 30 நாள். அதுவும் மார்ச் 14 அன்றே வந்திருந்தால் உங்களுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 13. அதற்குள் வருமான வரி இணையதளத்தில் படிவம் 35 தாக்கல் செய்யுங்கள். மதிப்பிட்ட வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்பதால் கட்டணம் 1,000 ரூபாய். நாள் தவறினால் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்கலாம். ஆனால் ஆடிட்டர் மறந்துவிட்டார் என்ற ஒற்றை வரி எடுபடுவது அரிது.

எங்கிருந்து வந்தது என்று விளக்கப்படாத பணமாகப் பிரிவு 69ஏ-யில் சேர்த்த தொகைக்குப் பிரிவு 115பிபிஇ-படி வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவீதம். உங்கள் கணக்கில் 6,55,200 ரூபாய், வட்டி தனி. மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நிற்காது. கேட்ட தொகையில் 20 சதவீதம் கட்டிவிட்டு, மீதியை நிறுத்தி வைக்கும்படி உத்தரவு போட்ட மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியாக மனு கொடுக்க வேண்டும்.

மேல்முறையீட்டுக் காரணங்களில் 'உத்தரவு சட்டவிரோதம்' என்று மட்டும் எழுதினால் போதாது. விற்பனைப் பணம் 5,40,000, முன்பு எடுத்த பணம் 3,00,000 என்று இரண்டையும் தனித்தனிக் காரணமாகப் போடுங்கள். ஒன்று தோற்றாலும் மற்றது நிற்கும். போதிய அவகாசம் தரவில்லை என்பதையும், 115பிபிஇ பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கு உண்மையில் நிற்பது காகிதத்தில்தான். பட்டா, சிட்டா, அடங்கல், மண்டி பில் நான்கும் வேண்டும். அடங்கலில் அந்த ஆண்டுப் பயிர் மஞ்சள் என்று பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; வேறு பயிர் இருந்தால் பில்லே சந்தேகத்துக்குள்ளாகும். அறுவடைக் கூலியை விற்ற பணத்திலிருந்து கொடுத்திருந்தால் 5,40,000 முழுவதும் கையில் இருந்திருக்காது. கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் தேவை. வருமானக் கணக்கில் விவசாய வருமானக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், கேள்வி வருமுன் நீங்களே அதை விளக்கிவிடுங்கள்.

எடுத்த 3 லட்சத்துக்குத் தேதிவாரியான ரொக்கக் கணக்குத் தாள் தயாரியுங்கள்: எந்த நாளில் எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக, இடையில் என்ன செலவு, எந்த நாளில் திரும்பப் போட்டீர்கள். எடுத்ததற்கும் போட்டதற்கும் நடுவே மாதங்கள் ஓடியிருந்தால், வீட்டில் ஏன் வைத்திருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வீடு கட்ட, நிலம் வாங்க என்றால் ஒப்பந்தம், முன்பணம் போன்ற ஏதாவது ஒரு தடயம் வேண்டும்.

இந்தக் காகிதங்களை நீங்கள் மதிப்பீட்டு அதிகாரியிடம் கொடுக்கவில்லை. எனவே விதி 46ஏ-யின் கீழ் கூடுதல் சான்றாக ஏற்கும்படி தனி விண்ணப்பம் போட்டு, 5 நாளில் அடங்கல் நகல் கிடைக்கவில்லை என்று காரணம் காட்டுங்கள். நோட்டீசின் தேதியும் அடங்கல் நகலுக்கு விண்ணப்பித்த ரசீதும் இணைத்தால் வலுவாகும். மேல்முறையீட்டில் சான்றை ஏற்றுக்கொண்டாலும் மதிப்பீட்டு அதிகாரியின் கருத்தைக் கேட்பார்கள். அவர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எழுத்தில் மறுப்புக் கொடுங்கள்.