ஸ்பாட்டிஃபைக்கு -14 LUFS கட்டாயமா?

என் பாடலின் ஒட்டுமொத்த உரப்பு -9 LUFS இருக்கிறது. லிமிட்டரில் -0.1 வைத்தும் ட்ரூ பீக் மீட்டர் சிவப்பாகிறது. -14க்குக் குறைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. -14 என்பது ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் பாடல்களை ஒலிக்கவைக்கும் அளவு. உங்கள் பாடலை அது ஏறத்தாழ 5 டெசிபல் தணித்துவிடும். ஆனால் லிமிட்டரில் நசுங்கிய டிரம் அடி அதனால் மீளாது என்பதால், நீங்களே 5 டெசிபல் தணித்து, -14இல் முடித்த ஒரு மிக்ஸுடன் ஒப்பிட்டுக் கேளுங்கள். உரத்தது பெரும்பாலும் தட்டையாகவே கேட்கும்.

சிவப்புக்குக் காரணம் வேறு. சாதாரண லிமிட்டர் சாம்பிள் புள்ளிகளை மட்டுமே அளக்கிறது. அலை மீண்டும் உருவாகும்போது இரு புள்ளிகளுக்கு இடையே உச்சம் பூஜ்யத்தைத் தாண்டக்கூடும், கோப்பைச் சுருக்கும் கோடெக் அதை மேலும் உயர்த்தக்கூடும். எனவே லிமிட்டரின் ட்ரூ பீக் வசதியை இயக்கி, உச்சவரம்பைக் குறைந்தபட்சம் -1 dBTPக்காவது இறக்குங்கள். உங்களுடையதைப் போல -14ஐ விட உரத்த பாடலுக்கு ஸ்பாட்டிஃபை பரிந்துரைப்பது -2 dBTP.