ரத்ததான முகாம் வாலண்டியர்களுக்கான ஸ்லைடுகளில் எதற்கு அதிக இடம் கொடுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பகுதியில் ரத்ததான முகாம் நடத்துகிறோம். வாலண்டியர்களுக்கு முன்கூட்டியே அரை மணி நேரத்தில் காட்டுகிற மாதிரி ஸ்லைடுகள் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பொறுப்புகள், நேரம், பாதுகாப்பு மூன்றும் வர வேண்டும். எதை எப்படி அடுக்குவது?

மூன்றையும் தனித்தனித் தலைப்பாகப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் பாதுகாப்பு கடைசியில் போய் நிற்கும், அதற்குள் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைவிட, தானம் செய்ய வருபவர் நடந்து போகும் வழியையே ஸ்லைடுகளின் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்: வாசல், பதிவு மேசை, மருத்துவப் பரிசோதனை, கட்டில், ஓய்விடம், வெளியே போகும் வழி. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஸ்லைடு. அதில் யார் நிற்கிறார், என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது, ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும், இவ்வளவு இருந்தால் போதும். ஓய்விடத்துக்கு மட்டும் மூன்று ஸ்லைடு கொடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. வாலண்டியர்களுக்கு இது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கூட்டம் சேர்ந்து நாலு பேர் குரல் உயர்த்தும்போது அதைச் சமாளிப்பது அவர்கள்தான். நான்கு கட்டில்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஊசி கையில் இருக்கும் நேரம் ஐந்திலிருந்து பத்து நிமிடம்தான், ஆனால் படுக்க வைத்து, நரம்பு தேடி, துடைத்து, முடிந்ததும் கட்டுப் போட்டு, மெல்ல எழுப்பி, அடுத்தவரைப் படுக்க வைப்பதற்குள் 20 நிமிடம் ஆகிவிடும். ஆக ஒரு கட்டிலில் மணிக்கு மூன்று பேர், நான்கு கட்டிலில் 12 பேர். அதற்கு மேல் எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடினாலும் போகாது.

இப்போது முகாம் 9 மணியிலிருந்து 1 மணி வரை என்றால் 48 பேர் என்று கணக்குப் போடத் தோன்றும். அது தப்பு. படிவம், பரிசோதனை எல்லாம் முடிந்து முதல் ஆள் கட்டிலுக்கு வரவே 9:30 ஆகிவிடும். கடைசி ஆள் 12:45க்கு எழுந்தால்தான் 1 மணி வரை உட்கார்ந்து ஓய்வெடுக்க முடியும். நடுவில் இருப்பது மூன்றேகால் மணி நேரம், அதாவது 39 பேர். ஒருவர் உள்ளே வந்து வெளியே போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆவதால் பதிவை 12 மணிக்கே நிறுத்திவிட வேண்டும். அரை மணிக்கு ஆறு பேர் என்று 9 மணியிலிருந்து 11:30 வரை நேரம் ஒதுக்கினால் 36 பேர். பரிசோதனையில் சிலருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்து திருப்பி அனுப்புவார்கள், அந்த இடத்தில் சொல்லாமல் வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை ஸ்லைடில் அப்படியே போடுங்கள். பதிவு மேசையில் இருப்பவருக்கு 12:10க்கு வருபவரிடம் "இன்றைக்கு முடிந்துவிட்டது" என்று சொல்லும் தைரியம் இதிலிருந்துதான் வரும். 12 மணிக்குப் பிறகு சேர்த்துக்கொண்ட ஆள்தான் கடைசியில் ஓய்வெடுக்க நேரமில்லாமல் கிளம்புவார்.

பதிவு மேசைக்கு வேலை குறைவு, கட்டுப்பாடுதான் அதிகம். படிவத்தில் உடல்நலம், அந்தரங்கம் பற்றிய கேள்விகள் இருக்கும். அதை வாலண்டியர் படிக்கக் கூடாது, பதிலை வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. பேனா, அட்டை, கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி, அவ்வளவுதான் நம் பங்கு. இதில் எனக்கு ரொம்பக் கவலை தருவது உதவி செய்வதாக நினைத்துச் சொல்லும் ஒரு வாக்கியம்: "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போட்டுடுங்க, சீக்கிரம் முடியும்." எடுக்கிற ரத்தத்தைச் சோதிக்கத்தானே போகிறார்கள் என்று கேட்கலாம். தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் சோதனையில் அது தெரியாத ஒரு இடைவெளி உண்டு. அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றுவது படிவத்தில் உண்மையாக எழுதப்பட்ட பதில் மட்டும்தான். இதைக் காரணத்தோடு ஸ்லைடில் எழுதுங்கள். வெறுமனே "படிவத்தில் தலையிடாதீர்கள்" என்றால் மனதில் நிற்காது.

அதே மாதிரி, பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. "இன்றைக்கு இல்லை, பரவாயில்லை, வாங்க ஒரு ஜூஸ் குடிங்க" என்று மற்றவர்களைப் போலவே உட்கார வைக்க வேண்டும். தெரிந்த முகங்கள் நிறைந்த இடம் இது, ஒருவர் சட்டென்று திரும்பிப் போனாலே பேச்சுக் கிளம்பிவிடும். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள்.

பரிசோதனை, கட்டில் இரண்டும் மருத்துவக் குழுவின் இடம். வாலண்டியர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து விடலாம், அதோடு சரி. ஊசி, பை, சோதனைக் குழாய், ரத்தம் பட்ட பஞ்சு எதையும் தொடக் கூடாது, கையுறை போட்டிருந்தாலும் கூடாது. தரையில் ரத்தம் சிந்தினால் துடைக்கக் குனியாதீர்கள். குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஓய்விடம். பொதுவாக இங்கே யாரைப் போடுகிறார்கள் என்றால் கடைசியாக மிஞ்சியவர்களை, பிஸ்கட் கொடுக்கத்தானே என்று. என் அனுபவத்தில் நிதானமான, கண் கூர்மையான ஆட்களை இங்கேதான் நிறுத்த வேண்டும். கட்டிலில் மயக்கம் வந்தால் ஆள் ஏற்கெனவே படுத்திருக்கிறார், பக்கத்திலேயே நர்ஸ் இருக்கிறார், அதனால் அடிபடாது. எழுந்து நடந்த பிறகு வரும் மயக்கத்தில்தான் விழுந்து மண்டை உடைகிறது, பல் போகிறது. 350 அல்லது 450 மில்லி ரத்தம் குறைந்த உடம்பு எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். அதோடு பயமோ பதற்றமோ சேர்ந்தால் இதயத் துடிப்பு குறைந்து ரத்த அழுத்தம் சட்டென்று விழும். முதல்முறை வருபவர்கள், இளைஞர்கள், எடை குறைந்தவர்கள், சாப்பிடாமலோ தூங்காமலோ வந்தவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால் முதல்முறை வருபவரின் டோக்கனில் பதிவு மேசையிலேயே ஒரு வண்ணப் புள்ளி வைத்துவிடுங்கள். வாசலில் நிற்பவர் எல்லோருக்கும் அரை லிட்டர் தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்பட்டும், மயக்கம் வருவதை அது ஓரளவு குறைக்கும்.

அறிகுறிகளை ஒரு முழு ஸ்லைடில் போடுங்கள். ஒரு முகாமில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கல்லூரிப் பையன், முதல்முறை. தானம் முடித்து வந்து உட்கார்ந்து நண்பனோடு சளசளவென்று பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று பேச்சு குறைந்தது. ஒரு கொட்டாவி விட்டான், அப்புறம் இன்னொன்று. மேலுதட்டில் பொடிப் பொடியாக வியர்வை. "இங்க ரொம்பப் புழுக்கமா இருக்கு, கொஞ்சம் வெளிய நிக்கிறேன்" என்று எழப் போனான். அங்கே இருந்த அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை, தோளைப் பிடித்து அப்படியே தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, கையை உயர்த்தி நர்ஸைக் கூப்பிட்டார். சில நிமிடங்களில் முகத்தில் நிறம் திரும்பிவிட்டது. அவனை எழ விட்டிருந்தால் வாசல் படியில்தான் விழுந்திருப்பான்.

பேச்சு நிற்பது, கொட்டாவி, முகம் வெளுப்பது, வியர்வை, புழுக்கமாக இருக்கிறது என்பது, காற்றுக்கு வெளியே போகிறேன் என்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே, அந்த இடத்திலேயே, தரையிலேயே படுக்க வைக்க வேண்டும். கட்டில் வரை நடத்திக் கூட்டிப் போவதுதான் அதிகம் நடக்கும் தப்பு, பாதி வழியில் சரிந்துவிடுவார்கள். முழுத் தெளிவு வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுற்றி நிற்பவர்களை விலக்க இன்னொருவர் வேண்டும், ஏனென்றால் ஒருவர் விழுவதைப் பார்த்தாலே அடுத்தவருக்கும் மயக்கம் வரும். முடிந்தால் ஓய்விடத்துக்கும் காத்திருப்போர் வரிசைக்கும் நடுவில் ஒரு திரை கட்டுங்கள். மறுபடி எப்போது எழலாம் என்பதை மருத்துவக் குழு சொல்லட்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதில் சேரும். மணிக்கு 12 பேர், ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் இருப்பார்கள், ஆனாலும் ஆறு நாற்காலி போடுங்கள். சிலர் கூடுதல் நேரம் இருக்க வேண்டி வரும். சாய்மானமும் கைப்பிடியும் உள்ள நாற்காலியாக இருக்கட்டும், ஸ்டூல் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் படுக்கும் அளவுக்குக் காலித் தரை வேண்டும், மாடிப்படி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது. கழிப்பறைக்குப் போகிறேன் என்றால் ஒருவர் கதவு வரை கூடப் போக வேண்டும், "உள்ளே தாழ்ப்பாள் போடாதீங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். இது சங்கடமான பேச்சுதான், ஆனால் தாழிட்ட கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்தால் உள்ளே போகவே வழியில்லை.

வெளியே போகும் வழியில் நிற்பவருக்கு இரண்டு கேள்விதான்: எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள், இப்போது எப்படி இருக்கிறது? இருசக்கர வண்டி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம். மயக்கம் பல மணி நேரம் கழித்தும் வரக்கூடும், வண்டி ஓட்டும்போது தலை சுற்றினால் ஓரம் கட்டி உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் முழங்கையை மடக்காமல், கையை நீட்டி உயர்த்தி, அவரே மறு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மடக்கினால் உள்ளே ரத்தம் கட்டிக் கன்றிப் போகும். அன்றைக்கு அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயம் வாலண்டியர்களுக்கும்தான். நிறைய பேர் தாங்களும் தானம் செய்ய ஆசைப்படுவார்கள், நல்லது. தங்கள் ஷிப்ட் முடிந்த பிறகு செய்யட்டும், செய்தவர் மேசை தூக்கும் வேலைக்கு வர வேண்டாம். இரண்டு மணி நேர ஷிப்ட் போதும். எல்லோரையும் ஒரே நிமிடத்தில் மாற்றாதீர்கள். ஓய்விடத்தில் மட்டும் பழைய ஆளும் புது ஆளும் ஒரு 15 நிமிடம் சேர்ந்து நிற்கட்டும், யார் முதல்முறை, யார் கொஞ்சம் வாடியிருக்கிறார் என்பதைக் கைமாற்றிக் கொடுக்க அந்த நேரம் வேண்டும்.

அரை மணியில் 20 நிமிடத்துக்குள் ஸ்லைடுகளை முடித்துவிட்டு மீதி பத்து நிமிடத்தில் ஒத்திகை பாருங்கள். ஒருவர் மயங்குவது போல நடிக்கட்டும், மற்றவர்கள் படுக்க வைத்து, காலைத் தூக்கி, கூட்டத்தை விலக்கி, நர்ஸைக் கூப்பிடட்டும். அப்புறம் ஓய்விட ஸ்லைடுகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, அங்கே நிற்கப் போகிறவர் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள், அதன் கீழே முகாம் டாக்டரின் கைப்பேசி எண்.