வாழை அடியிலை ஓரம் கருகுவது பற்றி

"ஐந்து மாத வாழை. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகுகின்றன. யூரியா இரண்டு முறை வைத்தும் மாறவில்லை."

இது சாம்பல் சத்துக் குறைபாடு போலத்தான் தெரிகிறது, நண்பரே. தழைச்சத்து குறைந்தால் அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும், வளர்ச்சியும் நின்றுவிடும். வேரூன்றத் தேவையான மணிச்சத்து குறைந்தால் இலை கருநீலப் பச்சையாகும். ஓரம் மட்டும் கருகி, நடுநரம்பருகே பச்சை நின்றால் சாம்பல் சத்துதான். செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்புகிறது. இலைத்துளைகளைத் திறந்து மூடுவதும், இலையில் உண்டான சர்க்கரையைத் தாருக்குக் கொண்டுபோவதும் அதன் வேலை. யூரியாவில் அது துளியும் இல்லை. தழை மட்டும் பெருகப் பெருக, பற்றாக்குறை இன்னும் கூடும்.

வாழை தழைச்சத்தைப் போல மூன்று மடங்கு சாம்பல் சத்து கேட்கும். மரத்துக்கு 180 கிராம் மியூரியேட் ஆஃப் பொட்டாஷை, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகப் போட்டு, மண் மூடித் தண்ணீர் விடுங்கள். ஏழாம் மாதம் மறுபடி ஒரு முறை.

கருகிய இலை தேறாது. அடுத்து விரியும் இலைகளைப் பாருங்கள். அப்புறம், கிணற்றுத் தண்ணீர் உப்பா? உப்பும் ஓரத்தைக் கருக்கும். அப்படியென்றால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள்.